நட்சத்திரம் போடாத புடவைக் கடை

சுங்குடிப் புடவையை விற்கச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவேன். விற்ற புடவையைத் திருப்பி வாங்குவது பற்றி எழுதச் சொன்னால் எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும். மதுரையில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ஷட்டர் இல்லை, போர்டு இல்லை. ஒரு போன், ஒரு பீரோ. வாட்ஸ்அப்பில் படம் போடுவேன், பிடித்தவர்கள் பணம் அனுப்புவார்கள், கூரியரில் புடவை போகும். போன புடவை திரும்பி வரலாமா, எத்தனை நாளுக்குள், யார் செலவு என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் தேய்ந்ததால், எல்லாவற்றையும் ஒரே அறிவிப்பாக எழுதிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் வரைவு என் வீட்டுக்காரருடையது. அரசாங்கக் கோப்பு எழுதியே தலை நரைத்தவர். "மேற்படி புடவையானது பெறப்பட்ட தினத்திலிருந்து ஏழு தினங்களுக்குள், தக்க காரணங்களுடன், நிர்வாகத்தின் முழுத் திருப்திக்கு உட்பட்டு மாற்றித் தரப்படலாம்" என்று எழுதி, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார்.

"நிர்வாகம் யாருங்க?"

"நீதான்."

"இந்த நட்சத்திரம் எதுக்கு?"

"அது இருக்கட்டும். பின்னாடி பிரச்சினை வந்தா, கீழ எதையாவது எழுதிக்கலாம்."

இரண்டாவது வரைவு அத்தையுடையது. என் மாமியாருக்குக் கோப்பெல்லாம் வேண்டாம். "வித்தது வித்ததுதான்னு போடு. அந்தக் காலத்துல எல்லா பில்லுலயும் அடியில அதுதான இருக்கும்?" என்றார்.

இருந்தது உண்மை. ஆனால் அந்த வரியை அச்சடித்துவிட்டால் மட்டும் பழுதான பொருளைக் கடைக்காரர் தட்டிக் கழிக்க முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திருப்பி வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறித்திருந்தால் அந்தக் கெடு. ஒன்றும் குறிக்கவில்லை என்றால் 30 நாள். இதைச் சொன்னதும் அத்தை, "அப்ப நாம குடுத்த பில்லையெல்லாம் திருப்பி வாங்கிரு" என்றார்.

சட்டம் பேசுவது பழுதைப் பற்றித்தான். "பழுதெல்லாம் இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை" என்பவருக்கு என்ன செய்வது என்பது விற்கிறவர் தாமே எடுக்க வேண்டிய முடிவு. என் தொழிலில் முக்கால்வாசித் தலைவலி அங்கேதான். அதிலும் நிறத்தில்.

அரக்கு நிறத்தைப் போனில் எடுத்தால் சிவப்பாகத் தெரியும். மயில் கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிடும். போதாக்குறைக்கு, வாங்குகிறவர் இரவு பதினொரு மணிக்கு, கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கி வைத்துக்கொண்டு பார்ப்பார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அக்கா மாம்பழ மஞ்சள் என்று நினைத்து வாங்கினார்; போய்ச் சேர்ந்தது எலுமிச்சை மஞ்சள். நான் அனுப்பியதும் எலுமிச்சைதான், படத்தில் இருந்ததும் எலுமிச்சைதான். மாம்பழமாகப் பழுக்க வைத்தது அவர் போன். இதில் குற்றவாளி யார் என்று விசாரித்தால் தீர்ப்பு வருவதற்குள் புடவை பழசாகிவிடும். அதனால் விசாரணையே இல்லாத விதியாக எழுதினேன்: நிறம் பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள் அனுப்பலாம், காரணம் கேட்க மாட்டேன், ஆனால் அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது. என் பங்குக்கு, படத்தைக் காலை வெயில் நேராக விழாத திண்ணையில், எந்தப் பூச்சும் இல்லாமல் எடுக்கிறேன். அதற்குப் பிறகு திரும்பி வருவது குறைந்தது. முழுக்க நிற்கவில்லை, போன்கள் இன்னும் விதவிதமாகத்தான் பழுக்க வைக்கின்றன.

அடுத்த சிக்கல், எது பழுது என்பது. அசல் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பது. கட்டின இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. கையால் கட்டுவதால் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, வரிசை கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். சில புள்ளிகளின் நடுவில் ஒரு துளி சாயம் ஒட்டியிருக்கும். கட்டு அவிழ்த்த இடம் சுருங்கிக் கிடக்கும். இதையெல்லாம் வட்டம் போட்டுப் படமெடுத்து "டேமேஜ்" என்று அனுப்புகிறவர்கள் உண்டு. அச்சில் அளந்து வைத்த மாதிரி புள்ளிகள் ஒரே அளவில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: அது மெழுகு அச்சு வைத்தோ வேறு விதமாகவோ போட்டது. அதையும் விற்கிறேன், விலை குறைவு, என்ன ரகம் என்று படத்தின் கீழேயே எழுதிவிடுகிறேன். ரகத்தை மாற்றிச் சொல்லி விற்றேன் என்றால், அது நிறம் பிடிக்காத கணக்கில் வராது. பழுதுக் கணக்கில் வரும்.

நிஜமான பழுது என்றால் கிழிசல், நூல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, அளவு குறைவு, அப்புறம் சாயம் ஓடுவது. கடைசியில் சொன்னதுதான் வில்லன். அடர்ந்த நிறப் பருத்தியில் முதல் அலசலில் கொஞ்சம் சாயம் தண்ணீரில் போகும். அது மேலே தங்கின மிச்சச் சாயம், பயப்பட வேண்டாம். போகிற சாயம் வெள்ளைப் புள்ளியில் ஏறி அதை ரோஸ் ஆக்கினால் அது பழுது. ஆனால் அதைத் துவைத்த பிறகுதானே கண்டுபிடிக்க முடியும்? துவைத்த புடவையைத் திருப்பி வாங்க முடியாது என்று எழுதினால், பழுதைக் கண்டுபிடிக்கும் ஒரே வழியை அடைத்துவிட்டு, பழுது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பதாகிவிடும்.

ஆகவே ஒரு முன்சோதனை சொல்லிக் கொடுக்கிறேன். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, முந்தானையின் உள்பக்கம் ஒரு மூலையில் நாலைந்து தடவை தேய்த்துப் பாருங்கள். லேசாக நிறம் ஒட்டினால் இயல்பு. கைக்குட்டையே அரக்கு ஆகிவிட்டால் துவைக்காமல் அனுப்புங்கள். சோதனையில் தேறின புடவை துவைத்ததும் புள்ளி ரோஸ் ஆனால், 30 நாளுக்குள் துவைத்ததையே வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்காரர் இந்த விதியைப் படித்துவிட்டு, "கைக்குட்டைக்கு யார் பணம் கொடுப்பது?" என்று கேட்டார். கோப்பு புத்தி.

மூன்றாவது, பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்கிற வழக்கம். ஒரே வெட்டில்லாத வீடியோ, முகவரிச் சீட்டு தெரிய வேண்டும், கத்தரி தெரிய வேண்டும், இல்லையென்றால் புகார் செல்லாது என்று எழுதிவைக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் பயமும் நியாயம்தான். பழைய புடவையை மடித்து வைத்துவிட்டு இதுதான் வந்தது என்று சொல்கிற ஆள் இல்லாமலில்லை. ஆனால் வீட்டில் தனியாக இருக்கிற எழுபது வயதுப் பாட்டி ஒரு கையில் போன், ஒரு கையில் கத்தரி, பல்லில் பார்சல் என்று நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வீடியோ இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பழுதின் படமும் முகவரிச் சீட்டின் படமும் போதும் என்று எழுதிவிட்டேன். என் பாதுகாப்புக்கு நான் ஒன்று செய்கிறேன்: கட்டும் முன் புடவையை முழுக்க விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, நானே வீடியோ எடுத்து வைக்கிறேன்.

விரித்துப் பார்ப்பது வாங்குகிறவருக்கும் முக்கியம். நிறையப் பேர் முந்தானையை மட்டும் பார்த்துவிட்டு நேராக ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்தரை மீட்டரில் ஓட்டை எப்போதும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். ஃபால்ஸ் தைத்து, ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால், பிடிக்கவில்லை என்ற காரணத்துக்கு அதை வாங்க முடியாது. நான் அதை யாருக்கும் புதிதென்று விற்க முடியாதே. பழுதென்றால் தைத்திருந்தாலும் வாங்குவேன். கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்து அனுப்பினால் தெரிந்துவிடும். அப்படித் திரும்பி வந்த ஒரு புடவையின் மடிப்பில் தேங்காய்ப் பை டோக்கன் இருந்தது.

பணக் கணக்கை உதாரணத்தோடு எழுதினால்தான் நம்புவார்கள் என்று தோன்றியது. புடவை 1,200 ரூபாய், நான் வாங்கிய கூரியர் செலவு 70. நீங்கள் கொடுத்தது 1,270. திருப்பி அனுப்ப உங்களுக்கு 80 ஆகிறது என்று வையுங்கள். நிறம் பிடிக்காமல் அனுப்பினால் 1,200 திரும்ப வரும். இரண்டு கூரியரும் சேர்த்து உங்களுக்கு 150 நஷ்டம். பழுதென்றால் 1,270, அதோடு நீங்கள் கட்டிய 80, ஆக 1,350 வரும். உங்களுக்கு நஷ்டம் இல்லை. பிடிக்காத புடவைக்குப் பதில் 1,450 ரூபாய்ப் புடவை வேண்டுமென்றால் மேலே 250 மட்டும்; புதிய புடவையை அனுப்பும் செலவு என்னுடையது. பணத்துக்குப் பதிலாக "அடுத்த முறை கழித்துக்கொள்கிறோம்" என்கிற சீட்டு கிடையாது.

கடைசியில் போட்டது இதுதான்:

"பிடிக்கவில்லையா? ஏழு நாளுக்குள் அனுப்புங்கள். ஃபால்ஸ் தைக்காமல், துவைக்காமல், கட்டாமல் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது.

பழுதா, வேறு புடவை வந்ததா? 30 நாளுக்குள் சொல்லுங்கள். தைத்திருந்தாலும் துவைத்திருந்தாலும் பரவாயில்லை. எல்லாச் செலவும் எங்களுடையது.

புடவை எங்கள் கைக்கு வந்த மூன்று நாளில், நீங்கள் பணம் போட்ட கணக்குக்கே பணம் வரும்.

இதற்குக் கீழே ஒன்றும் இல்லை."

கடைசி வரியைப் பார்த்து வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். அத்தையோ கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு உள்ளே போய், நாலு நாள் முன்பு பிறந்தநாளுக்கு அவர் பிள்ளை என் கடையிலேயே காசு கொடுத்து வாங்கித் தந்த கிளிப்பச்சைப் புடவையை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"நிறம் பிடிக்கல. ஃபால்ஸ் தைக்கல, துவைக்கல, கட்டல. ஏழு நாளும் ஆகல. காசைக் குடு."

"அத்தை, பணம் போட்ட கணக்குக்குத்தான் போகும். உங்க பிள்ளை கணக்குக்கு."

அத்தை யோசித்தார். அறிவிப்பை இன்னொரு தடவை படித்தார். "அன்பளிப்பா வந்த புடவைய வாங்கினவ என்ன செய்யணும்னு இதுல போடலயே" என்றார்.

அன்றைக்கே ஒரு வரி கூடியது: "பரிசாக வந்த புடவையா? பரிசு பெற்றவர் மாற்றிக்கொள்ளலாம்; பணம் வேண்டுமென்றால் கொடுத்தவருக்குத்தான்." அத்தை அரக்கு எடுத்துக்கொண்டார். அது 300 ரூபாய் கூட. மேல்பணத்தைத் தன் பிள்ளையிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கைக்குட்டையை நனைக்கப் போனார்.