கேஷைத் துடைத்துவிட்டேன் ஐயா

ஹோஸ்டிங் கம்பெனியின் உதவி மையத்தில் முதல் பதில் எழுதுகிறவரிடம் ஒரே மருந்துதான் இருக்கிறது. இணையதளம் திறக்கவில்லை என்று எழுதுங்கள், “பிரௌசரின் கேஷைத் துடைத்துவிட்டு மீண்டும் முயலவும்” என்பார். சர்வர் இருக்கும் கட்டடமே தீப்பிடித்து எரிகிறது என்று எழுதினாலும், தீ கேஷில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு வரும் கடிதங்களில் பாதி, “சைட் வேலை செய்யவில்லை, அவசரம்!!!” என்ற ஒற்றை வரிதான். அதற்கு வேறு என்னதான் பதில் எழுதுவது?

ஆகவே, தளம் கட்டிக் கொடுக்கும் தொழிலில் நான் எழுதும் புகார்க் கடிதத்துக்கு ஒரே வேலைதான்: கேஷ் பற்றிக் கேட்க அவருக்கு இடமில்லாமல் செய்து, சர்வரின் சாவி வைத்திருக்கும் மனிதரிடம் கடிதத்தைத் தள்ளிவிட வைப்பது.

போன் பண்ணிக் கேட்கலாமே என்பீர்கள். பொதட்டூர்பேட்டைக்கு வந்து பாருங்கள். நான் குடியிருப்பது மாடியில். கீழே நான்கு பக்கமும் பவர்லூம். மறுமுனையில் இருப்பவருக்கு நான் ஓடும் ரயிலின் கூரை மேல் உட்கார்ந்து பேசுவதாகத் தோன்றும். அதனால் எனக்கு மின்னஞ்சல்தான்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். ஊரில் பாதிப் பேர் திருத்தணிக்குக் காவடி கட்டும் மும்முரத்தில் இருந்தார்கள். லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவருக்கு நான்தான் தளம் கட்டிக் கொடுத்திருந்தேன். காலையில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்: “தம்பி, சைட் ஓடல.”

அவ்வளவுதான். எந்தப் பக்கம், என்ன எழுதியிருந்தது, எப்போதிலிருந்து, ஒன்றும் கிடையாது. இதே அண்ணன் தறி நின்றுபோனால் மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். “மோட்டார் ஓடுது, நாடா பாயுது, பாவு அறல, ஊடை மட்டும் கரையோரத்துல அறுந்து அறுந்து போவுது, நேத்து ராத்திரி தார் மாத்துனதுலேர்ந்து” என்பார். மெக்கானிக் வண்டியில் ஏறும்போதே எந்தச் சாமானை எடுத்துப்போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஹோஸ்டிங்காரருக்கும் அப்படித்தான் எழுத வேண்டும்: எது ஓடுகிறது, எது ஓடவில்லை, எப்போதிலிருந்து.

தளத்தைத் திறந்தேன். வெள்ளைப் பக்கத்தில் ஒரே வரி: `Error establishing a database connection`. வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்து வயிறு கலங்கும் வரி இது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. தரவுத்தளத்தின் கடவுச்சொல் தப்பாக இருந்தாலும் இதே வரிதான். கூட்டம் தாங்காமல் தரவுத்தளம் கதவைச் சாத்தினாலும் இதே வரி. தரவுத்தளமே செத்துக்கிடந்தாலும் இதே வரி. காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு டெங்குவா மலேரியாவா என்று சொல்லாத டாக்டர் மாதிரி. முதல் வகையாக இருந்தால் சரிசெய்ய வேண்டியது நான். மூன்றாவது என்றால் அவர்கள். இரண்டாவது என்றால் ஆளுக்கு ஆள் கைகாட்டிக்கொண்டே மத்தியானம் ஆகிவிடும்.

முதலில், கோளாறு என் வீட்டு இணைப்பில் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். எல்லையோர ஊரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. மொட்டை மாடியின் மேற்கு மூலையில் நின்றால் என் கைபேசி சில நேரம் ஆந்திரா டவரைப் பிடித்துக்கொள்ளும். வீட்டு பிராட்பேண்டில் ஒரு முறை, அந்த மூலையில் ஒரு முறை. இரண்டு மாநிலத்திலும் அதே வரி.

பிறகு டெர்மினலில் மூன்று கட்டளைகள். கடையின் பெயரையும் முகவரி எண்ணையும் மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

```
$ dig +short example.com
203.0.113.25
$ curl -I https://example.com/
HTTP/2 500
$ curl -I https://example.com/logo.png
HTTP/2 200
```

முதலாவது, பெயரைக் கேட்டால் சரியான சர்வரின் எண் வருகிறது என்கிறது. டொமைன் காலாவதியாகவில்லை, டிஎன்எஸ் நலம். இரண்டாவது, பக்கத்தைக் கேட்டால் சர்வர் 500 என்று முனகுகிறது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. லோகோ என்பது வெறும் படக் கோப்பு. அதைத் தரத் தரவுத்தளம் தேவையில்லை. அது 200 என்று ஒழுங்காக வருகிறது. அப்படியானால் சர்வர் உயிரோடு இருக்கிறது, வலைச்சேவை ஓடுகிறது, தரவுத்தளத்தின் பக்கம் போகும்போதுதான் இடறுகிறது. curl-க்குக் கேஷ் என்பதே கிடையாது என்பதையும் இங்கேயே குறித்துவைத்துக்கொண்டேன். பின்னால் வேண்டியிருக்கும் என்று மனம் சொன்னது.

அடுத்து அந்த மூன்று வியாதிகளில் எது என்று பார்க்க, வேர்ட்பிரஸை ஒதுக்கிவிட்டு நேராகத் தரவுத்தளத்தின் கதவைத் தட்டும் சின்னக் கோப்பு ஒன்றை ஏற்றினேன்.

```php
<?php
mysqli_report(MYSQLI_REPORT_OFF);
$c = @mysqli_connect('localhost', 'USER', 'PASS', 'DB');
echo $c ? 'OK' : mysqli_connect_errno() . ' ' . mysqli_connect_error();
```

வேர்ட்பிரஸ் மறைத்ததை இது எண்ணோடு சொல்லிவிடும். 1045 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தப்பு. 1040 என்றால் இணைப்புகள் நிரம்பி வழிகின்றன. எனக்கு வந்தது `2002 Connection refused`. தட்டினேன், கதவுக்குப் பின்னால் ஆளே இல்லை. (பார்த்த கையோடு அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும். கடவுச்சொல்லை உள்ளே வைத்துக்கொண்டு அது அங்கே தூங்கக் கூடாது.)

இனிக் கடிதம். ஆங்கிலத்தில் போனதைத் தமிழில் தருகிறேன். தலைப்பு: “example.com: 01:12 UTC முதல் HTTP 500, MySQL 2002 Connection refused”.

“வணக்கம். தளத்திலிருந்து கடைசியாக ஒழுங்காக வந்த ஆர்டர் மின்னஞ்சல் 00:47 UTC (இந்திய நேரம் காலை 6:17). கோளாறை முதலில் கண்டது 01:12 UTC (காலை 6:42). இடைவிடாமல் தொடர்கிறது. திரையில் வரும் வரி: Error establishing a database connection. இரண்டு வெவ்வேறு இணைய நிறுவனங்களின் இணைப்பில் பார்த்தேன், ஒரே விளைவு. டிஎன்எஸ் சரி. நிலையான கோப்புகள் 200, வேர்ட்பிரஸ் பக்கங்கள் 500. wp-config.php கோப்பில் உள்ள தரவுத்தளப் பெயரையும் பயனர் பெயரையும் கண்ட்ரோல் பேனலோடு ஒப்பிட்டேன், பொருந்துகின்றன. அந்தக் கோப்பு கடைசியாக மாறியது மார்ச்சில். தளத்தில் கடைசி மாற்றம், முந்தாநாள் ஒரு பிளக்இன் அப்டேட். அதன் பிறகு ஆர்டர்கள் வந்திருக்கின்றன. நேரடி இணைப்புச் சோதனை 01:38 UTC: 2002 Connection refused. கட்டளைகளும் விடைகளும் எழுத்தாகக் கீழே உள்ளன. என் கேள்வி ஒன்றுதான்: இந்த சர்வரில் MySQL ஓடுகிறதா?”

இதில் மூன்று இடங்களில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒன்று, “நான் எதையும் மாற்றவில்லை” என்று எழுதவில்லை. உலகத்தில் எந்த உதவி மையமும் நம்பாத வாக்கியம் அது. மாற்றியதைச் சொல்லி, அதன் பிறகும் தளம் ஓடியதற்கு ஆர்டரைச் சாட்சியாக நிறுத்தினால் வாயடைத்துவிடும். இரண்டாவது, ஸ்கிரீன்ஷாட் அனுப்பவில்லை. படத்திலிருந்து ஒரு பிழை வரியை எழுத்தைப் போல எளிதாக வெட்டி எடுத்துத் தேட முடியாது.

மூன்றாவது, நேரம். சர்வர்களின் பதிவேடு பெரும்பாலும் UTC-யில்தான் ஓடும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை 6:42 என்று மொட்டையாக எழுதினால், எதிரில் இருப்பவர் பதிவேட்டில் 06:42-ஐத் தேடுவார். நமக்கு அது பகல் 12:12. அதாவது, இன்னும் வராத நேரத்தில் போய்த் தேடிவிட்டு, “எங்கள் பக்கம் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை” என்று மனசாட்சியோடு எழுதுவார். IST என்று போட்டாலும் தப்பிக்க முடியாது. அயர்லாந்துக்காரரும் இஸ்ரேல்காரரும் தங்கள் நேரத்துக்கு அதே மூன்று எழுத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்போது எனக்கு எப்போதும் ட்ரே ஹாரிஸ் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டவர். 1990-களில் புள்ளியியல் துறைத் தலைவர் அவரை அழைத்து, “எங்கள் மெயில் 500 மைலுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது” என்றாராம். சிரிக்காமல் எப்படிக் கேட்பது? ஆனால் புகார் சொன்னவர்கள் புள்ளியியல்காரர்கள். சில நாள் பொறுத்துத் தரவு சேர்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஹாரிஸ் சோதித்தார், உண்மை. சர்வரை யாரோ புதுப்பித்தபோது மெயில் மென்பொருள் மட்டும் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. புது அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை. இணைப்புக்குக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. அந்தக் கணினியில் பூஜ்யம் என்பது ஏறக்குறைய மூன்று மில்லி செகண்டு. அதற்குள் ஒளி போகிற தூரம் 558 மைல். “மெயில் சரியாகப் போகவில்லை” என்று மட்டும் அவர்கள் சொல்லியிருந்தால், அவர்களும் கேஷைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பதில் வந்தது. “அன்பான வாடிக்கையாளரே, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து பிரௌசரின் கேஷைத் துடைத்துவிட்டு...”

இங்கேதான் பொறுமை வேண்டும். கோபத்தில் புதிதாக இன்னொரு டிக்கெட் திறந்தால், அது வரிசையின் வாலில் போய் நிற்கும். வேறொருவர் எடுத்து, முதலிலிருந்து கேஷைத் துடைக்கச் சொல்வார். அதே இழையில் எழுதினேன்: “துடைத்துவிட்டேன் ஐயா, பலனில்லை. கேஷே இல்லாத curl-இலும் 500. இணைப்புச் சோதனை உங்கள் சர்வருக்குள்ளேயே நடந்தது. என் பிரௌசருக்கு அதில் பங்கில்லை. MySQL ஓடுகிறதா என்று பார்க்கக்கூடியவருக்கு இதை அனுப்ப முடியுமா?”

அனுப்பினார். நல்ல மனுஷன். அடுத்து எழுதியவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. வேலை தெரிந்தவர் என்று அதிலேயே தெரிந்தது. சர்வரில் நினைவகம் தீர்ந்து, கெர்னல் 01:09 UTC-க்கு MySQL-ஐக் கொன்றுவிட்டது, மறுபடி கிளப்பிவிட்டோம் என்று ஒரே வரி. நினைவகம் போதாதபோது அதிகம் தின்கிறவனைப் பார்த்துப் போட்டுத்தள்ளுவது லினக்ஸின் வழக்கம். தரவுத்தளம்தான் பெரும்பாலும் பந்தியில் முதல் ஆள். அட்டவணைகள் ஏதும் சேதமாகவில்லையே என்று பார்த்துக்கொண்டேன். இன்னோடிபி வகை தானே எழுந்து தூசி தட்டிக்கொள்ளும். பழைய மைஐஎஸ்ஏஎம் என்றால் பழுது பார்க்க வேண்டியிருக்கும். இந்த முறை பாதகமில்லை.

கடிதப் போக்குவரத்தை அண்ணனுக்கும் அனுப்பிவைத்தேன், நான் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக. சாயங்காலம் தேடிக்கொண்டு வந்தார். தளம் திறந்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

“தம்பி, நூல்காரனுக்கு இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுப்பா. கோனுக்குக் கோன் எட குறையுது. எப்ப எட போட்டேன், எந்தத் தராசு, எவ்ளோ கொறஞ்சுது, எல்லாம் நோட்டுல வெச்சிருக்கேன்.”

“அதுக்கென்னண்ணா, எழுதிடலாம்.”

“எட போட்ட நேரத்துக்கும் அந்த யுடிசி போடணுமா?”

நூல்காரர் எந்த ஊர் என்று கேட்டேன். ஈரோடாம்.