சொல் தெரியும், ஜோடி தெரியாது

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தினமும் கடினமான ஆங்கிலச் சொற்களாகப் பார்த்து மனப்பாடம் செய்கிறேன். இருந்தும் எழுத்தில் ஆறுக்கு மேல் வரவில்லையே? (வாசகி, கரமனை)

பதில்: கரமனையாற்றங்கரையில் ஒருவர் "நேற்று இடி பெய்தது, மின்னல் வீசியது" என்றால் சொற்கள் அத்தனையும் சுத்தத் தமிழ், ஆனாலும் சிரிப்பீர்கள். தேர்வாளரும் அப்படித்தான், ஓசையில்லாமல் சிரித்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கிறார். எழுத்து, பேச்சு இரண்டிலும் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம். அதில் ஏழாம் படிக்கான விளக்கத்திலேயே சொற்சேர்க்கை பற்றிய உணர்வு வேண்டும் என்று இருக்கிறது. கடினமான சொல்லைக் கண்டுபிடித்து, 'டூ எ டிசிஷன்' என்று தப்பான வினையோடு கட்டிவைத்தால் என்ன பயன்? எழுதும்போது பெயர்ச்சொல் தானாக வந்துவிடும். தடுமாற வைப்பது அதன் வினைதான். ஆகவே பெயரிலிருந்து தொடங்குங்கள். 'டிசிஷன்' என்றால் மேக், ரீச், ரிவர்ஸ்: எடுப்பது, எட்டுவது, மாற்றுவது என மூன்று வினைகளோடு ஒரே வரியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையைப் பற்றி ஒரு வாக்கியம் அமையுங்கள். 2002இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கை அகராதியில் பெயர்ச்சொல்லின் கீழ் வினைகளும் அடைகளும் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

"இதுவும் மனப்பாடம்தானே, மனப்பாடத்துக்குத் தண்டனை உண்டே?" என்பீர்கள். தண்டனை உருப்போட்ட பத்திக்கு. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் அந்த முன்னுரை உடனே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு சொல் ஜோடி எவர் சொத்துமல்ல. இன்று உங்கள் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, வினைகளை மட்டும் அடிக்கோடிட்டு அகராதியோடு ஒப்பிடுங்கள். 'டிஸ்கஸ் அபவுட்' கண்ணில் பட்டால் அந்த 'அபவுட்'டை முதலில் அடித்துவிடுங்கள்.