ஆகஸ்ட் மாதத்தில் சீசன்

‘தோட்டத்துப் பிள்ளைகளின் கலங்கரை விளக்கே!’ என்று வாழ்த்துமடலைத் தொடங்கியவன் நான்தான். நல்லதண்ணிக்காரன் கடலைப் பார்த்ததே பெரிய விஷயம். கலங்கரை விளக்கை எங்கே பார்த்தேன்? ஹட்டன் பக்கம் நாங்கள் தங்கிப் படித்த விடுதியின் வார்டன் ஐயாவுக்குப் பிரியாவிடை. தமிழ் தெரிந்தவன் என்று நம்பி, மடல் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எல்லாம் அவசரத்தில் வந்த வினை. அரச ஊழியர் 65 வயதுவரை வேலை பார்க்கலாம் என்று அறிவித்த அரசாங்கம், 2022இல் அதை மறுபடி 60 ஆக்கியது. அறுபதைத் தாண்டிய ஆயிரக்கணக்கானோர் அந்த டிசம்பர் 31ஆம் திகதியோடு ஓய்வுபெற்றார்கள். எங்கள் ஐயாவும் அதில் ஒருவர்.

‘தியாகச் செம்மல்’, ‘கருணைக் கடல்’, ‘ஒழுக்கச் சிகரம்’ என்று அடுக்கிக்கொண்டே போனேன். வாசித்துக் காட்டியபோது மஸ்கெலியா நண்பன் சொன்னான்: “பேர மட்டும் மாத்துனா, நம்ம போஸ்ட் மாஸ்டருக்கும் இதையே குடுக்கலாம்டா.”

வெட்கத்தோடு மற்றவர்களைக் கேட்டேன். விடுதிக் கட்டணத்தைப் பற்றி ஒருவன் சொன்னான். மாதம் முதலாம் திகதி கட்ட வேண்டும் என்பது விதி. தோட்டத்திலோ சம்பளம் கைக்கு வர பத்தாம் திகதி ஆகிவிடும். கட்டாதவர் பட்டியலை ஐயா அதற்குப் பிறகுதான் பலகையில் ஒட்டுவாராம். “எங்கப்பா கடன்காரர்னு ஒருத்தனுக்கும் தெரியாது” என்றான். என் செம்மலும் சிகரமும் அந்த ஒரு வரியிடம் தோற்றுப்போயின. மடலில் அதைச் சேர்த்தேன்.

சேர்க்காமல் விட்டது என் கதையை. மார்கழிப் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். மலையேற்றம் தொடங்குவதே எங்கள் ஊரில் என்பதால் போயா வார இறுதிகளில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டளையை அந்த நாட்களில் மட்டும் ஐயா தளர்த்துவார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திங்கள் காலை முதல் பஸ்ஸில் வந்தால் போதும். இந்தச் சலுகையில் ருசி கண்டவன், ஒருமுறை ஆகஸ்ட் மாதத்திலும் திங்கட்கிழமை வந்து, ‘சீசன் கூட்டம், பஸ்ஸில் இடமில்லை’ என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த மழையில மலைக்கு யாரு தம்பி போனா?” என்றார். பிறகு என் வரியை வெட்டிவிட்டு, பக்கத்தில் ‘மழை’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விழாவில் என் மனைவியும் மகனும் முன்வரிசையில் இருந்ததால் அதை எப்படி வாசிப்பது? கௌரவமாக முடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஏற்புரையில் ஐயாவே அதை எடுத்துவிட்டார். பெயரைச் சொல்லவில்லை, “நல்லதண்ணிப் பையன் ஒருத்தன்” என்றுதான் சொன்னார். அந்த விடுதிக்கு எங்கள் ஊரிலிருந்து போனவன் நான் ஒருவன்தான் என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.