நஷ்டமில்லாத நஷ்டம்

பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் கம்பெனி பஸ் நிற்கிறது. நம்மவர் கை நிற்கவில்லை. 500 ரூபாயில் 200 பங்கு வாங்கியிருக்கிறார். ஸ்டாப்லாஸ் 490, இலக்கு 530. விலை 505-ஐத் தொட்டதும் ஸ்டாப்பை 500-க்கு ஏற்றிவிட்டு, "இனி நஷ்டமே கிடையாது" என்கிறார்.

ஐந்து நிமிடத்துக்கு ஆறு ரூபாய் ஆடுவது அந்தப் பங்கின் சுபாவம். 499-க்கு இறங்கி, அவரை இறக்கிவிட்டு, மதியம் 530-ஐத் தொட்டது. 490 பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தரகு, வரி வகையில் சுமார் 80 ரூபாய் போச்சு; வரவேண்டிய 6,000 வரவில்லை. கணக்கில் அது நஷ்டமாகப் பதிவாகாது என்பதுதான் வசதி. வெளியேறியபின் விலை போன இடத்தையும் எழுதிவைத்தால் குட்டு உடையும். பங்கு ஒரு முறை இறங்கி, திரும்பி, புது உச்சம் தொட்டபின் அந்தப் பள்ளத்துக்குக் கீழே ஸ்டாப்பை ஏற்றலாம். ஆனால் அதற்குள் சிக்னல் விழுந்துவிடுமே!