நிழல் தடைக்கு ஆளானவர்

நிழல் தடை என்பது, ஒருவருடைய பதிவை நீக்காமலும், அவருக்கு எவ்வித அறிவிப்பும் அனுப்பாமலும், பிறர் கண்ணில் மட்டும் அது படாதவாறு ஒரு தளம் ஒதுக்கி வைப்பதைக் குறிக்கும் சொல்லாகும். ஷேடோபேன் என்ற பெயரால் பரவலாக அறியப்படும் இச்சொல்லை, நாளொன்றுக்குப் பத்து முறையாவது உச்சரிக்காமல் உறங்கச் செல்லாத மாந்தர் வகை ஒன்று திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் அண்மை ஆண்டுகளில் தோன்றியிருக்கிறது. உள்ளூரில் இவ்வகையினர் 'சேனல்காரர்' என வழங்கப்படுகின்றனர். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது கையில் கைப்பேசியும் மனத்தில் புகழாசையுமாக நின்றவர்களை, அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவில் தொடங்கிய யூடியூப் ஷார்ட்ஸ் அணைத்துக்கொண்டது. அதிகத் தொலைவில்லாத புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து வெளிவரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைக் கடந்ததும், அண்டா வாங்கினால் போதும் என்ற நம்பிக்கை இப்பகுதி முழுவதும் பரவிற்று.

இவரை அடையாளம் காண்பது எளிது. சீரக சம்பா பிரியாணி மேசைக்கு வந்ததும் பசித்தவன் கையை நீட்டுவான். இவர் கைப்பேசியை நீட்டுவார். உடன் வந்த மைத்துனர் ஒரு கவளம் எடுத்துவிட்டால், "மாப்ள, இருடா, இன்னும் ஆவி வரல" என்று தட்டைப் பின்னுக்கு இழுப்பார். சிறுமலை வாழைப்பழம், சின்னாளபட்டிச் சேலை, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு மீண்டும் பிரியாணிக்கே திரும்பும் வட்டப்பாதை அவருடையது. ஒவ்வொரு காணொலியும் "வணக்கம் மக்களே" என்று தொடங்கி, சேனலின் பெயர், அதன் வரலாறு, மணியை அழுத்த வேண்டியதன் அவசியம், சென்ற காணொலிக்குக் கிடைத்த வரவேற்பு ஆகியவற்றைக் கடந்து, ஏறத்தாழ ஐம்பதாவது விநாடியில் கடை வாசலை அடையும்.

பார்வைகள் குறைந்த மறுநாள் காலை, தேநீர்க் கடையில் இவர் வெளியிடும் அறிக்கை பெரும்பாலும் ஒரே வாசகத்தில் அமைகிறது: "என்னைய அமுக்கிட்டாய்ங்க மாப்ள." அமுக்கியவர் யார் என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்து மாறும், அமெரிக்காவிலுள்ள நிறுவனம், சென்னையிலுள்ள பெரிய சேனல், பழனி சாலையில் புதிதாகத் தொடங்கிய போட்டியாளர் என மூன்று கோட்பாடுகள் வழக்கில் உள்ளன. சான்றாக அவர் காட்டுவது தாமே நடத்திய ஆய்வுகளை. மனைவியின் கைப்பேசியை வாங்கி யூடியூபில் 'பிரியாணி' என்று மட்டும் தேடி, தம் காணொலி முதல் பக்கத்தில் இல்லாததைக் கண்டு, "பாத்தியா?" என்று கேட்பார். தமிழ்நாட்டில் பிரியாணி பற்றிக் காணொலி எடுக்காதவர்களைத் தேடுவதுதான் கடினம் என்பதும், கோலங்களையும் தொடர்களையும் மட்டுமே பார்த்துவரும் ஒரு கைப்பேசிக்கு யூடியூப் வேறொரு வரிசையையே காட்டும் என்பதும் அந்த ஆய்வில் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. "ஏங்க, நான் தினம் பாக்குறதுதான எனக்கு வரும்?" என்று அந்த அம்மையார் ஒரு வரியில் கூறிய விளக்கம் தொழில்நுட்ப நோக்கில் முற்றிலும் சரியானது, ஆயினும் அது ஏற்கப்படவில்லை.

பூட்டுக்குப் பேர்போனதும், 2019-இல் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்றதுமான ஊரில், திறக்காத கதவைக் கண்டதும் யாரோ பூட்டிவிட்டார்கள் என்று கருதுவது இயல்பே. கதவைத் தட்ட எவரும் வராமலிருக்கவும் கூடும் என்ற எண்ணம் அவ்வளவு எளிதில் எழுவதில்லை. மேலும் இக்கோட்பாட்டில் ஓர் இன்பம் உண்டு: கலிபோர்னியாவில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து, நாகல்நகர்ப் பிரியாணிக் காணொலியைப் பார்த்து அஞ்சி, விசையை அழுத்துகிறார் என்று நினைப்பது, யாருமே பார்க்கவில்லை என்று நினைப்பதைவிட எவ்வளவோ கௌரவமானது.

உண்மையில் நிகழ்ந்தது என்ன என்பதை, இவ்வகையினருக்குப் பொதுவாக வாய்க்கும் கணக்கு ஒன்றைக் கொண்டே விளக்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. அதற்கு முன் இரண்டு சொற்களை அறிந்துகொள்ள வேண்டும். காணொலியின் முகப்புப் படமாகிய தம்ப்நெயில், அதன் பரப்பில் பாதியாவது திரையில் தெரியும்படி ஒரு விநாடிக்கு மேல் ஒருவர் கண்முன் நின்றால், அதனை யூடியூப் ஓர் 'இம்ப்ரெஷன்' என்று எண்ணுகிறது. அதாவது, கடைத்தெருவில் சரக்கு ஒருமுறை கண்ணில் பட்டது என்று பொருள். அவ்வாறு கண்ணில் பட்டவற்றுள் நூற்றுக்கு எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பது சொடுக்கு விகிதம். சேனல்களிலும் காணொலிகளிலும் பாதிக்கு இது 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் அமைவதாக யூடியூப்பே தெரிவித்துள்ளது.

சேனல்காரரின் வழக்கமான காணொலி ஒன்று 50,000 முறை கண்ணில் படுகிறது; நூற்றுக்கு 5 வீதம் சொடுக்கப்பட, 2,500 பார்வைகள் வருகின்றன. மாசி மாதத்தில் அவர் கோட்டை மாரியம்மன் திருவிழாவைப் படமெடுத்து வெளியிடுகிறார். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் திண்டுக்கல்காரர்கள் அதனைத் தேடிப் பார்க்கின்றனர், இறுதிவரை பார்க்கின்றனர், பிற திருவிழாக் காணொலிகளின் பக்கத்திலும் அது பரிந்துரையாகத் தோன்றுகிறது. 20 இலட்சம் முறை கண்ணில் பட்டு, நூற்றுக்கு 6 வீதம் 1,20,000 பார்வைகளை ஈட்டுகிறது. அன்றிரவு சேனல்காரர் புதிய கேமரா ஒன்றின் விலையை விசாரிக்கிறார்.

அடுத்த வாரம் பிரியாணிக் காணொலி வெளிவருகிறது. சென்ற வாரம் அம்மனைத் தரிசித்தவர்களுள் ஒரு பகுதியினர் முன்னும் இக்காணொலியை வைத்துப் பார்ப்பது தளத்தின் இயல்பு; ஆகவே இம்முறை அது 80,000 முறை கண்ணில் படுகிறது, அதாவது வழக்கத்தைவிட அதிகமாகவே பரப்பப்படுகிறது. எனினும் பூக்குழி பார்க்க வந்தவர் எலும்புக் குழம்பைச் சொடுக்குவதில்லை, விகிதம் 1.5-க்குச் சரிகிறது, பார்வைகள் 1,200 ஆகின்றன. சொடுக்கிய சிலரும் ஐம்பதாவது விநாடிக்கு முன்பே, அதாவது கடை வாசலுக்கு வந்து சேராமலேயே, விலகிவிடுகின்றனர். இவர்களுக்கு இது வேண்டியதில்லை என்று அறிந்துகொண்ட தளம், அதற்கடுத்த காணொலியை அவர்களிடம் கொண்டுசெல்வதைக் குறைத்துக்கொள்கிறது. இதற்கிடையில், ஸ்டூடியோ எனப்படும் சேனல் நிருவாகப் பக்கம் வழக்கமாகக் கடைசி 28 நாள் கணக்கைக் காட்டுவதால், திருவிழா நாள்கள் அக்காலத்தைவிட்டு வெளியேறும் வேளையில் மொத்தப் பார்வை எண் பள்ளத்தில் விழுந்ததுபோல் இறங்குகிறது. சேனல்காரர் விழுந்தது மலைக்கோட்டையிலிருந்துதான். ஆனால் அவர் குடியிருந்தது என்றும் அடிவாரத்தில்தான்.

இதில் தடை உண்டா இல்லையா என்பதைக் கண்டறியும் வழி அதே ஸ்டூடியோவில் இருக்கிறது. பார்வைகள் எந்த வழியாக வந்தன என்பதை அது வகை பிரித்துக் காட்டும்: முகப்புப் பக்கம், பக்கவாட்டுப் பரிந்துரை, தேடல், ஷார்ட்ஸ், அறிவிப்பு, வெளித்தளம் எனப் பல. திருவிழா மாதத்தையும் அதற்குப் பிந்திய மாதத்தையும் ஒவ்வொரு வழியாக ஒப்பிட வேண்டும். பெயர் சொல்லித் தேடி வந்தோர் முன்பு 300 பேர், பின்பும் ஏறத்தாழ 300 பேர் என்றிருந்து, பக்கவாட்டுப் பரிந்துரை மட்டும் வற்றியிருந்தால், பிறருடைய திருவிழாக் காணொலிகளிலிருந்து வந்த வாய்க்கால் நின்றுவிட்டது என்பதே பொருள். மறைக்கப்பட்ட சேனலாயின் பெயர் சொல்லித் தேடினாலும் கிடைக்காது. தேடல் கணக்கே முதலில் சாய்ந்திருக்கும். சேனல்காரர் இப்பக்கத்தைத் திறந்ததில்லை என்று கூற இயலாது. திறந்து, மொத்தப் பார்வை எண்ணை மட்டும் பார்த்து, பெருமூச்சுவிட்டு மூடியிருக்கிறார்.

வேறு சில காரணங்கள் அவருடைய கையாலேயே நேர்ந்தவை. 2024 அக்டோபர் 15 முதல், செங்குத்தாகவோ சதுரமாகவோ எடுக்கப்பட்டு மூன்று நிமிடத்துக்குள் முடியும் காணொலி ஷார்ட்ஸாகவே வகைப்படுத்தப்படுகிறது. இதை அறியாமல் இரண்டரை நிமிட விமர்சனத்தைக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவரின் பார்வையாளர் கூட்டமே மாறிவிடுகிறது. மகள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடியதைப் பதிவேற்றியபோது 'குழந்தைகளுக்கானது' என்ற தெரிவைச் சேனல் முழுமைக்கும் அழுத்திவிட்டவருக்கு, கருத்துகளும் அறிவிப்பு மணியும் ஒருங்கே மறைந்துபோகும். அதன்பின் அவர் ஐம்பது விநாடி செலவிட்டு அழுத்தச் சொல்லும் மணி திரையில் இருப்பதேயில்லை.

ஆயினும் இக்கோட்பாடு முழுவதும் கற்பனை எனத் தள்ளிவிட இயலாது. தீவிர நோய்க்குப் போலி அற்புத மருந்து சொல்லும் காணொலிகளைப் போன்று, விதியின் விளிம்பில் நிற்பவற்றை நீக்காமலே பரிந்துரையில் குறைக்கப்போவதாக 2019 ஜனவரியில் யூடியூப் வெளிப்படையாக அறிவித்தது. ட்விட்டர் நிறுவனம் தான் நிழல் தடை செய்வதில்லை என்று 2018-இல் எழுதியது. சில கணக்குகளின் பரவலைக் குறைக்கும் உள் அடையாளங்கள் அங்கே இருந்தமை 2022 டிசம்பரில் வெளிவந்தது. ஆகவே, ஒரே வாரத்தில் சர்க்கரை நோயைப் போக்கும் இலை என்று சிறுமலை அடிவாரத்தில் நின்று பேசியவர் ஐயுறுவதில் நியாயம் இருக்கிறது. பிரியாணியில் கறித்துண்டு எத்தனை என்று எண்ணிச் சொன்னவருக்கு அந்த நியாயம் கிடையாது.

நோயினும் கொடியவை இவர் மேற்கொள்ளும் சிகிச்சைகள். காணொலியை நீக்கிவிட்டு, இராகு காலம் கழித்து மீண்டும் ஏற்றுகிறார். அதுவரை சேர்ந்த பார்வையும் கருத்தும் அதனோடு அழிகின்றன. உறவினர் வாட்ஸாப் குழுவில் இணைப்பைப் போட, சித்தப்பா திறந்து, பத்து விநாடியில் "பார்த்தேன்டா தம்பி, அருமை" என்று எழுதி மூடுகிறார். அருமையான காணொலியைப் பத்து விநாடியில் மூடினார் ஒருவர் என்று தளம் குறித்துக்கொள்கிறது. இறுதியில், உனக்கு நான் சந்தா, எனக்கு நீ சந்தா என்னும் பண்டமாற்றுக் குழுவில் சேர்கிறார். இது யூடியூப்பின் போலி ஈடுபாட்டு விதிக்கு முரணானது என்பதுடன், அவ்வாறு வந்த சந்தாதாரருக்கு இவருடைய பிரியாணியும் வேண்டாம், இவருக்கு அவருடைய மீன் தொட்டியும் வேண்டாம்.

நிழல் தடை என்ற சொல்லுக்கு அணு அளவும் பிழையின்றிப் பொருந்தும் வசதி ஒன்று யூடியூபில் இருக்கவே செய்கிறது. அது சேனல் உரிமையாளர் கையில் தரப்பட்டுள்ளது: கருத்தெழுதும் ஒருவரைச் சேனலிலிருந்து மறைத்துவிட்டால், அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது; அவர் எழுதுவது மட்டும் பிறர் கண்ணில் படாது. சேனல்காரரின் ஸ்டூடியோவில் அத்தகையோர் பட்டியல் நீளமானது. அதன் முதலிடத்தில் இருப்பவர், "அண்ணே, நேரா கடைக்குப் போங்கண்ணே, ஆரம்பத்துல ரொம்ப இழுக்குது" என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய வேடசந்தூர் இளைஞர். அவர் இன்றும் ஒவ்வொரு காணொலியையும் இறுதிவரை பார்த்துவிட்டு அதன் கீழே எழுதிக்கொண்டிருக்கிறார்.