மைக் அண்ணாச்சியுடையது, குறள் எல்லோருடையது

கேள்வி: யூடியூபில் திருக்குறள் பாடம் நடத்துகிறோம். ஊர்ப் பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் மைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். பாடத்தில் அவர் கை வைக்காமல் எப்படிக் கேட்பது?

பதில்: பணமாக வேண்டாம், பொருளாகக் கேளுங்கள். மாதாமாதம் பணம் வாங்கினால் மாதாமாதம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேச வரும். மைக் ஒருமுறை வந்தால் கணக்கு முடிந்தது. இப்படி எழுதலாம்:

“அண்ணாச்சிக்கு வணக்கம். மின்விசிறி ஓடினால் பாடம் கேட்பதில்லை. நிறுத்தினால் வியர்வை புத்தகத்தில் சொட்டுகிறது. சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வேண்டும். ஆறு மாதம், ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் கடைப் பெயர் சொல்லி நன்றி கூறுவோம். பாடத்தை முன்கூட்டிக் காட்ட இயலாது. அடுத்த மாதம் 12-ஆம் அதிகாரம், நடுவுநிலைமை. அதன் கடைசிக் குறள் வாணிகம் செய்பவர்களைப் பற்றியது. மைக் தந்தாலும் தராவிட்டாலும் அதை ஒரே மாதிரிதான் சொல்வோம்.”

அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள். அதைப் படித்த பிறகும் தருபவரிடம் நிம்மதியாக வாங்கலாம். “குறளுக்கு நடுவே நம்ம குக்கரையும் சொல்லுங்க தம்பி” என்று என்றாவது கேட்டால், மறுத்துவிட்டு மைக்கைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அதனால் பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

நன்றியை விவரக் குறிப்பின் அடியில் ஒளிக்கவும் கூடாது. இலவசமாக வந்த பொருளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 நெறிமுறைகள்.