பாயச வழக்கும் பழுதுபார்த்த படமும்

சிற்றூர் வீடுகளின் சுவரில் தொங்கும் திருமணப் படம், மணமக்கள் அன்று எப்படி இருந்தார்கள் என்பதைக் காட்டுவதற்காக மட்டும் பேணப்படுவதன்று; யார் வந்தார்கள், யார் நாற்காலியில் அமர்த்தப்பட்டார்கள், யார் யாரோடு பேசாமல் நின்றார்கள் என்பவற்றுக்கெல்லாம் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியம் அதுவே. அத்தகைய படத்தைக் கைபேசியில் பிடித்து, ஏதேனும் ஒரு செயலிக்குள் தள்ளி, வெளிவந்த பளபளப்பைக் காலை ஐந்தரை மணிக்கே உறவினர் குழுவில் பரப்பும் வழக்கத்தை இங்கே விளக்க வேண்டியதில்லை. இதைப் படிப்போருள் அதைச் செய்யாதவர் அரியர், இக்கட்டுரையாளரும் அவ்வரியருள் ஒருவரல்லர். அவ்வழக்கம் சரியா தவறா என்னும் வினாவுக்கு இக்கட்டுரை இறுதியில் விடை கூறும். அதற்குமுன், திருத்துறைப்பூண்டியில் வாழும் முதியவர் ஒருவர், மங்கிப்போன தம் கல்யாணப் படத்தை இயந்திரம் சரிசெய்துவிடும் என அறிந்துகொண்டதையும், அதனால் ஒரு பாயசம் பற்றிய பழைய வழக்கு மீண்டும் எழுந்ததையும் எழுதியே ஆக வேண்டியுள்ளது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

படம் 1969ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது, எட்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் உடையது, கறுப்பு வெள்ளை. அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது மையன்று, ஜெலட்டின் என்னும் பசைப்படலத்துக்குள் பதிந்திருக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்களே. தாளை மருந்தில் கழுவிப் பிம்பம் வந்தபின், அது மேலும் கறுக்காமலிருக்க ஹைப்போ என்னும் கரைசலில் ஊறவைத்து, பிறகு அந்த ஹைப்போ முழுவதும் போகும்வரை ஓடும் நீரில் நெடுநேரம் அலச வேண்டும். முகூர்த்த மாதத்தில் பத்துக் கல்யாணத்துப் படங்கள் ஒரே இருட்டறையில் காத்திருக்கும்போது இந்த அலசல்தான் முதலில் குறைக்கப்படும். தாளில் தங்கிவிடும் ஹைப்போவின் கந்தகம் ஆண்டுக்கணக்கில் வெள்ளியைத் தின்று மஞ்சட்பழுப்பாக்குகிறது; வெளிர்ந்த பகுதிகளில் வெள்ளி மிகக் குறைவாதலால், வேட்டி மடிப்பும் முகங்களுமே முதலில் மறைகின்றன. முதியவரின் படத்திலும் மாலைகள் அப்படியே இருக்க, மாலைகளுக்கு மேலே முகங்கள் இருந்தனவா என்று ஐயுறும் நிலை வந்திருந்தது.

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற அம்முதியவர், சட்டத்துக்குப் புதுக் கண்ணாடி போடக் கடைத்தெருவிலுள்ள ஸ்டுடியோவுக்குச் சென்றபோது, கடைக்காரர், “கண்ணாடிய மாத்தி என்னங்கய்யா ஆவப்போவுது? படத்தையே மெஷின் சரி பண்ணிக் குடுத்துடும்” என்று கூறியிருக்கிறார். இச்செய்தியை அவர் நம்பவில்லை. ஆனால் வீட்டில் வந்து சொன்னார். சொன்னதுதான் பிழை. அன்றிரவே பேரன் சுவரிலிருந்த படத்தைக் கண்ணாடியோடும், கண்ணாடியில் தெரிந்த குழல்விளக்கோடும் சேர்த்துக் கைபேசியில் பிடித்துச் சென்னைக்கு அனுப்ப, சென்னையிலிருந்த பேத்தி அதைச் செயலியில் இட, மறுநாள் காலை காபிக்குமுன் திருத்திய படம் நாற்பது உறவினர்களின் கைக்கு வந்து சேர்ந்தது.

படம் அழகாகவே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மணப்பெண்ணின் மூக்குத்தியைக் காணவில்லை. கறைகளையும் கீறல்களையும் நீக்கும் இயந்திரத்துக்கு, முகத்தின் நடுவே தனித்து நிற்கும் சிறு வெண்புள்ளி, தூசியிலிருந்து வேறுபட்டதாகத் தெரிவதில்லை. மாப்பிள்ளையின் நெற்றியில் இருந்த மூன்று விபூதிக் கோடுகளும் அதே காரணத்தால் கீறல்களாகக் கருதப்பட்டுத் துடைக்கப்பட்டிருந்தன. அரக்குக் கூறைப்புடவை நீலமாகியிருந்தது. கறுப்பு வெள்ளைச் சுருளில் அரக்கும் கரும்பச்சையும் கருநீலமும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகப் பதிவதால், அச்சாம்பலிலிருந்து பழைய நிறத்தை மீட்க எவராலும் இயலாது. இயந்திரம் தனக்குப் பழக்கமான ஒரு நிறத்தைப் பூசுகிறது, அவ்வளவே. பாட்டி படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்து, “மூக்குத்தியக் கழட்டி எங்கடா வச்சீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

இவை யாவும் பொறுக்கத்தக்கவை. பொறுக்கவொண்ணாதது, இடப்பக்க ஓரத்தில் நிற்கும் தாய்மாமனின் முகம்.

மாப்பிள்ளையின் தாய்மாமனாகிய அவர், அப்படத்தில் வாயை இறுக மூடி, கேமராவைப் பாராமல், பந்தற்காலைப் பார்த்து நிற்பவர். ஏன் அவ்வாறு நின்றார் என்பது குறித்து அக்குடும்பத்தில் இரண்டு பெரும் கட்சிகள் உண்டு. முதலாவது பாயசக் கட்சி. முதற்பந்தியில் அவர் இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்துபோயிற்று என்பதும், தீர்ந்ததைவிட, அடுத்த இலையில் இருந்த பெண்வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு அது இரண்டாம் முறை ஊற்றப்பட்டிருந்தது என்பதுமே காரணம் என்பது அக்கட்சியின் கொள்கை. இக்கட்சிக்குள்ளேயே, அது சேமியாப் பாயசம் என்போரும் பருப்புப் பாயசம் என்போரும் பிரிந்து நிற்கின்றனர். சேமியாவாக இருந்தால் இவ்வளவு கோபம் தேவையில்லை என்பது பின்னவர் வாதம். இரண்டாவது நாற்காலிக் கட்சி. படம் எடுக்கும்போது தாய்மாமனுக்கு நாற்காலி போடாமல் நிற்கவைத்ததே காரணம் என்றும், பாயசம் என்பது பிற்காலத்தில் பெண்வீட்டார் கட்டிய கதை என்றும் இவர்கள் கூறுவர். பாயசக் கட்சியார் இதற்கு விடையாக, படம் எடுத்தது பந்திக்கு முன்னா பின்னா என்று கேட்பார்கள். பின் என்றால் பாயசம் வெல்லும், முன் என்றால் நாற்காலி வெல்லும். பந்தற்காலின் நிழலை வைத்து நேரத்தைக் கணிக்க 1994ஆம் ஆண்டுப் பொங்கலன்று ஒரு முயற்சி நடந்து, அது வேறொரு சண்டையில் முடிந்தது. இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் தரப்பார், அவருக்கு அன்று பல்வலி என்றும், கோபமே இல்லை என்றும் சொல்வர். இவர்களை இரு கட்சியாரும் மதிப்பதில்லை. இவ்வளவு பெரிய வழக்குக்கும் ஆதாரம், ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு முகத்தில் மூடியிருக்கும் ஒரு வாய்தான்.

திருத்திய படத்தில் அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தாய்மாமனின் பேரப்பிள்ளைகள் இதைக் கொண்டாடினார்கள். “பாத்தீங்களா, எங்க தாத்தாவுக்குக் கோவமே இல்ல” என்று ஒருவர் எழுத, அதற்குக் கைகூப்பும் படங்கள் இருபத்தேழு வந்தன. முதியவர், “செத்துப்போற வரைக்கும் என்கிட்ட மொகம் குடுத்துப் பேசாத மனுஷன், ராத்திரியோட ராத்திரியா எப்படிடா சிரிச்சாரு?” என்று பேரனிடம் கேட்டார். அக்குழுவில் இக்கட்டுரையாளர் ஆறு பத்தியில் எழுதிய மறுப்பை எவரும் படிக்கவில்லை என்பது இங்கே பொருட்படுத்தத்தக்கதன்று. ஆயினும் எவரும் படிக்கவில்லை.

அவர் எப்படிச் சிரித்தார் என்பதற்கு விடை உண்டு. குறுஞ்செய்திச் செயலி வழியே சாதாரணமாக அனுப்பும் படம், நீண்ட பக்கத்தில் ஏறத்தாழ 1600 புள்ளிகளுக்குச் சுருக்கப்படுகிறது. புள்ளி என்பது படத்தைக் கணினி பிரித்துவைக்கும் மிகச்சிறு கட்டம். எட்டு அங்குலத்துக்கு 1600 என்றால் அங்குலத்துக்கு 200. தாய்மாமனின் முகத்துக்குக் கிடைப்பது குறுக்கே 47 புள்ளிகள், நெடுக்கேயும் அவ்வளவே எனக் கொண்டால் மொத்தம் 2209. முகத்தைத் திருத்தும் மென்பொருள்களுள் 2021இல் வெளிவந்த GFPGAN போன்றவை, ஒவ்வொரு முகத்தையும் 512க்கு 512 புள்ளிகளாக, அதாவது 2,62,144 புள்ளிகளாக எழுதித் தருகின்றன. பேரன் இதைத் தேடிப் படித்துச் சொன்னபோது, முதியவர் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் கணக்கிட்டுப் பார்த்து, “வரவு ரெண்டாயிரத்து இருநூறு, செலவு ரெண்டு லட்சத்து அறுபத்திரெண்டாயிரம். மீதிய யாருடா குடுத்தது?” என்று கேட்டார். தணிக்கையாளர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மீதியைக் கொடுத்தவை வேறு முகங்கள். அம்மென்பொருள், இணையத்தில் பலர் பதிவேற்றிய படங்களிலிருந்து திரட்டிய 70,000 முகங்களைப் பார்த்துப் பழகியது; கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் முகங்கள் அவற்றுள் ஏராளம். வாய் இருந்த இடத்தில் பத்துப் பதினைந்து கலங்கிய புள்ளிகளே கிடைக்கும்போது, அது அம்முகங்களுள் பெரும்பான்மையோர் செய்ததைத் தாய்மாமனையும் செய்யவைக்கிறது. இத்தகைய ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2020இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு மென்பொருள் உலகறியக் காட்டியது: கலங்கலாக்கிய ஒபாமாவின் படத்தை அதற்குக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரைத் திருப்பித் தந்தது.

பின்னர் முதியவர் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கே மீண்டும் போனார். இம்முறை வேலை முறைப்படி நடந்தது. ஈரக்காற்றில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்ததால், கடைக்காரர் படத்தைப் பிரிக்க முயலவில்லை. பிரித்திருந்தால் முகங்கள் கண்ணாடியோடு போயிருக்கும். கண்ணாடியைத் துடைத்து அதனோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து, அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம், கறுப்பு வெள்ளைப் படமாயினும் வண்ணத்திலேயே எடுத்தார். மஞ்சளாகிவிட்ட பிம்பம் நீல ஒளியை அதிகம் உறிஞ்சுவதால், வண்ணத்தில் எடுத்ததிலிருந்து நீலத் தடத்தை மட்டும் பிரித்தெடுத்தால், கண்ணுக்குத் தெரியாத வேட்டி மடிப்புகள்கூட எழுந்துவரும். இதில் ஊகமே இல்லை, தாளில் உள்ளதே வெளிவருகிறது. தாய்மாமனின் முகத்துக்கு இப்போது குறுக்கே 142 புள்ளிகள் கிடைத்தன. கறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, மூக்குத்தியை விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கினார். முகத்திருத்தத்தை முதியவர் வேண்டாமென்றார். வேண்டுவோர்க்கு, 2022இல் வந்த CodeFormer என்னும் மென்பொருளில் 0 முதல் 1 வரை ஓர் அளவுகோல் உண்டு. 1ஐ நெருங்க நெருங்க அது மூலத்துக்கு அடங்கியும், 0வை நெருங்க நெருங்கத் தன் அழகுணர்ச்சிக்கு அடங்கியும் நடக்கும். பெரும்பாலான கைபேசிச் செயலிகள் அத்தகைய அளவுகோலைப் பயன்படுத்துவோர் கண்ணில் காட்டுவதேயில்லை.

புதிய அச்சில் தாய்மாமனின் வாய் ஐயத்துக்கு இடமின்றி மூடியிருக்கிறது. பாயசமா நாற்காலியா என்பதை 600 புள்ளிகளாலும் தீர்க்க முடியவில்லை. பல்வலித் தரப்பார் மட்டும், கன்னம் சற்று வீங்கியிருப்பதாகச் சொல்லிப் புதிய உற்சாகம் பெற்றுள்ளனர். தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு உரிய இடத்தைப் பாயசமே எடுத்துக்கொண்டதால், வாசகரிடம் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்ளலாம்: பழைய படத்தைச் செயலிக்குக் கொடுக்குமுன் முகத்தை மேம்படுத்தும் பொத்தானை அணைத்துவிடுங்கள், திருத்திய படத்தின் கீழே ‘இயந்திரம் திருத்தியது’ என்று எழுதுங்கள், எதுவாயினும் காலை ஏழு மணிக்குமுன் குழுவில் போடாதீர்கள்.